மேற்படி

அடிக்குறிப்பு என்றால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் இளையவராக வேலை செய்கிறேன். அவரை எல்லோரும் போல நானும் சீனியர் என்றே சொல்வேன். கீழே உரக்கடை, மேலே நாங்கள். மத்தியானமானால் யூரியா வாசனை படியேறி வந்துவிடும். காணி வழக்குகள்தான் அதிகம். போருக்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் காணிகளைப் பற்றி, அவற்றுக்குள் இன்னும் நிற்கும் இராணுவ முகாம்களைப் பற்றி, நான் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். கொழும்பிலிருந்து வரும் ஒரு சட்டச் சஞ்சிகை அதை ஏற்றுக்கொண்டது. அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். சஞ்சிகை என்றால் குமுதம் மாதிரி ஒன்று என்று அவர் நினைத்திருக்க வேண்டும், படம் போடுவார்களா என்று கேட்டார்.

ஏற்றுக்கொண்ட கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. மேற்கோள்கள் எல்லாவற்றையும் எங்கள் அடிக்குறிப்பு முறைக்கு மாற்றி அனுப்பவும். கூடவே அந்த முறையை விளக்கும் ஒரு கையேடு. பல்கலைக்கழகத்தில் நான் படித்த பழக்கம் வேறு. வசனத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியரின் பெயர், ஆண்டு, பக்கம் என்று போட்டுவிட்டுப் போவேன். முழு விவரமும் கட்டுரையின் கடைசியில் அகரவரிசையில் கிடக்கும். சட்டக்காரருக்கு அது போதாது. ஒவ்வொரு கூற்றுக்கும் மேலே ஒரு சின்ன எண், பக்கத்தின் அடியில் அதற்கான முழு முகவரி. நீதவான் முன்னால் நின்று பேசும்போது “எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் உடனே விரலை வைக்க வேண்டும் அல்லவா, அந்தப் புத்திதான் இது. நியாயமான புத்தி. ஆனால் என் கட்டுரையில் நூற்றுக்கு மேற்பட்ட அடைப்புக்குறிகள் இருந்தன.

அந்தக் கட்டுரையின் உயிர் ஒரு பெண்ணின் நாலைந்து வசனங்களில் இருந்தது. அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் ஒரு கத்தோலிக்க ஊர். ஊரின் பெயரை அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுதப் போவதில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஐம்பதை நெருங்கும் வயது, கணவர் இல்லை, கருவாடு போட்டு விற்கிறார். ஒரே மகன் படகில் போகிறான். அவருடைய வளவு முகாமின் வேலிக்குள் அகப்பட்டுக்கொண்டது. அந்தக் காணியை அரசு சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டியபோது, எங்கள் அலுவலகத்தின் மூலம் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அதைத் தடுக்கும் எழுத்தாணை கேட்டு வழக்குப் போட்டார். வழக்கின் தலைப்பில் அவருடைய முழுப் பெயரும் இருக்கிறது. அதை மறைக்க முடியாது, மறைக்கவும் அவர் கேட்கவில்லை.

அவர் கேட்டது வேறு. வழக்குப் போட்டுக் கொஞ்சக் காலத்தில் ஒரு பின்னேரம் சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்களாம். தண்ணீர் வாங்கிக் குடித்தார்களாம். மரியாதையாகத்தான் கதைத்தார்களாம். இதை நான் கட்டுரைக்காகப் போயிருந்தபோது கருவாட்டைப் புரட்டிப் புரட்டி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“வழக்கெல்லாம் எதுக்கம்மா எண்டு கேட்டவை. மகன் கடலுக்குப் போறவன்தானே, கடல் எப்பவும் ஒரு மாதிரி இராது எண்டு சொன்னவை. அவ்வளவுதான் தம்பி. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவை.”

“இதைச் சத்தியக் கடதாசியில போடுவமோ அக்கா? நீதிமன்றத்துக்குத் தெரிய வேணும்.”

“ஐயோ, வேண்டாம். வழக்கில வேண்டாம். நீங்கள் உங்கட கட்டுரையில எழுதுங்கோ, நடக்கிறது நாலு பேருக்குத் தெரியத்தான் வேணும். ஆனா என்ர பேரோட இதைச் சேர்க்காதேங்கோ. ரெண்டும் ரெண்டா இருக்கட்டும்.”

இரண்டும் இரண்டாகவே இருந்தன. கட்டுரையின் இரண்டாம் பகுதியில் “கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த பெண்” என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் “நேர்காணல் 3” என்று போட்டேன். அவருடைய வழக்கு நாலாம் பகுதியில், சட்ட வாதங்களுக்கு நடுவில், மற்ற வழக்குகளோடு ஒன்றாக வந்தது. நடுவில் பல பக்கங்கள். ஒருவரும் முடிச்சுப் போட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

பிறகுதான் அடிக்குறிப்பு வேலை தொடங்கியது.

அந்த வேலையை ஒரு தரமாவது செய்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு சில்லறைத்தனமானது என்று தெரியும். வழக்கின் பெயர் சாய்ந்த எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு தரப்புக்கும் நடுவில் வரும் ஆங்கில ‘வி’ எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைக்கக் கூடாது. பழைய தீர்ப்பென்றால் சட்ட அறிக்கைத் தொகுதியின் எண், தீர்ப்புத் தொடங்கும் பக்கம், அதன் பின் நான் காட்டுகிற பக்கம். அறிக்கைகளில் இன்னும் வெளிவராத கட்டளையென்றால் நீதிமன்றம், வழக்கு இலக்கம், பதிவுக் குறிப்பின் திகதி. புத்தகமென்றால் ஆசிரியர், தலைப்பு, வெளியிட்டவர், ஆண்டு. எண் வசனத்தின் முற்றுப்புள்ளிக்கு முன்னால் அல்ல, பின்னால்.

பெயர்களில் வேறு வில்லங்கம். அடிக்குறிப்பில் பெயரை இயல்பான வரிசையில் எழுத வேண்டும். கடைசியில் வரும் நூற்பட்டியலில் குடும்பப் பெயரை முன்னால் கொண்டுவர வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரும் பிள்ளையின் பெயரும்தான் இருக்கின்றன. கையேட்டின்படி மாற்றினேன் என்றால், யாழ்ப்பாணத்து ஆய்வாளர் எழுதிய புத்தகம் ஒரு இடத்தில் அவருடையதாகவும் இன்னொரு இடத்தில் அவருடைய தகப்பனாருடையதாகவும் ஆகிவிடும். அந்த மனிதர் உயிரோடு இருக்கும் ஆய்வாளர். தகப்பனாருக்குப் புத்தகம் எழுதிக் கொடுத்த பாவம் எனக்கு வேண்டாம் என்று கையேட்டை மீறினேன். சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு, “நீர் கட்டுரை எழுதுறீரா, பிறப்புச் சாட்சிப் பத்திரம் எழுதுறீரா?” என்று கேட்டார்.

ஒரு மூலத்தை இரண்டாம் தரம் காட்டும்போது மறுபடியும் முழுவதையும் எழுதத் தேவையில்லை. அதற்கு இரண்டு வழி. இடையில் வேறு குறிப்புகள் வந்துவிட்டால், ஆசிரியரின் பெயரை மட்டும் போட்டு, “குறிப்பு 12ஐப் பார்க்க” என்கிற மாதிரி பழைய குறிப்பின் எண்ணைக் கொடுக்க வேண்டும். இதைக் கணினியிலேயே பிணைத்து வைக்கலாம். நடுவில் புதுக் குறிப்பொன்றைச் செருகினால் பன்னிரண்டு பதின்மூன்றாக மாறும், புதுப்பிக்கச் சொன்னால் காட்டுகிற எண்ணும் மாறிக்கொள்ளும். இரண்டாவது வழி, நேரே மேலேயிருக்கும் குறிப்பே மறுபடி வந்தால், ‘இபிட்’ என்று ஒரு இலத்தீன் சொல்லைப் போட்டுவிட்டுப் போகலாம். அதே இடம் என்று பொருள். எங்கள் காணி உறுதிப் பத்திரங்களில் நொத்தாரிசுமார் எழுதும் ‘மேற்படி’தான் அது. மேற்படி காணி, மேற்படி நபர்.

மேற்படி எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. ஒரு சொல்லோடு வேலை முடிகிறது. அந்தப் பெண்ணின் கதைக்கு இரண்டு அடிக்குறிப்புகள் வந்தன. ஆட்கள் வந்ததைச் சொல்லும் வசனத்துக்கு ஒன்று: “பெயர் வெளியிடப்படாதவருடன் ஆசிரியர் நடத்திய நேர்காணல், முல்லைத்தீவு மாவட்டம்.” கையேடு பெயரையும் தொழிலையும் ஊரையும் நாளையும் கேட்டது. நான் கொடுக்கவில்லை. கொழும்பில் ‘கருவாடு போடும் பெண்’ என்றால் யாரோ ஒருவர். அந்தக் கரையில் அப்படி எழுதினால் அவர் வீட்டுப் படலை வரைக்கும் வழி சொன்ன மாதிரி. அவர்கள் சொன்ன வார்த்தைகளைத் தரும் அடுத்த வசனத்துக்கு இரண்டாவது குறிப்பு. அதில் வெறும் மேற்படி. முடித்து அனுப்பிய அன்று உண்மையாகவே பெருமையாக இருந்தது. கட்டுரை இப்போது ஒரு சட்டக் கட்டுரை மாதிரித் தெரிந்தது. சில பக்கங்களில் எழுத்தைவிட அடிக்குறிப்பு கூட.

தொகுப்பாசிரியர் ஒரு தமிழ்ப் பெண்மணி, கொழும்பில் விரிவுரையாளர். நல்லவர், கண்டிப்பானவர். சில வாரங்களில் எழுதினார். மிரட்டலைப் பற்றிய பகுதி இரண்டாம் பகுதியில் வீணாகிறது, அது நீதிமன்றத்தை நாடும் உரிமையைப் பற்றிய வாதத்துக்குத்தான் பலம், ஆகவே அந்த வார்த்தைகளை மட்டும் நாலாம் பகுதிக்கு நகர்த்துகிறேன், சம்மதமா? வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சம்மதம் என்று பதில் போட்டேன்.

பிறகு மெய்ப்பு வந்தது. சஞ்சிகையின் பக்க அமைப்பில், அச்சுக்குத் தயாராக. அதே மின்னஞ்சலில் அடுத்த சனிக்கிழமை வவுனியாவில் நடக்கவிருந்த கருத்தரங்குக்கான அழைப்பும் இருந்தது. காணிப் பிரச்சினையில் வேலை செய்கிறவர்களோடு கட்டுரையைப் பற்றிக் கலந்துரையாட ஒழுங்கு செய்திருந்தார்கள். பங்குபற்றுவோர் எல்லோருக்கும் இந்தப் பிரதியையே முன்கூட்டி அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார். வழக்கறிஞர்கள், தொண்டு நிறுவனக்காரர், அரச அலுவலர்கள் சிலர்.

அச்செடுத்து, தேநீரும் கையுமாக வாசித்துக்கொண்டு போனேன். நாலாம் பகுதியில் அவருடைய வழக்கு வந்தது. வசனத்தின் முடிவில் எண். அடியில் அவருடைய பெயர் சாய்ந்த எழுத்தில், நீதிமன்றம், இலக்கம், திகதி. எல்லாம் கையேட்டின்படி. அடுத்த வசனம்: ஒரு பெண்ணிடம், உன் மகன் கடலுக்குப் போகிறவன்தானே என்று சொல்லப்பட்டது. அதற்கு ஒரு எண். அடியில், அவருடைய பெயருக்கு நேர் கீழே, மேற்படி.

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வார்த்தைகள் நகர்ந்தபோது அவற்றோடு என் மேற்படியும் நகர்ந்திருந்தது. நேர்காணல் குறிப்பு இரண்டாம் பகுதியிலேயே நின்றுவிட்டது. கணினியில் பிணைத்த எண்கள் எல்லாம் ஒழுங்காக மாறியிருந்தன. மேற்படியை ஒருவரும் பிணைக்க முடியாது. அது தனக்கு மேலே யார் இருக்கிறாரோ அவரைக் காட்டும், அவ்வளவுதான். இப்போது அதற்கு மேலே அக்கா இருந்தார்.

தேநீர் மேசையில் சிந்தியது. இரண்டும் இரண்டாக இருக்கட்டும் என்று அவர் சொன்ன அந்த இரண்டையும் நான் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, கண் தெரியாதவனுக்கும் விளங்கும்படி அச்சில் கொடுத்திருந்தேன். அதைவிட மோசம், வாசிப்பவர் அந்த மிரட்டலை வழக்கேட்டில் இருக்கும் விஷயம் என்றே எடுத்துக்கொள்வார். அவர் நீதிமன்றத்துக்குப் போய் முறையிட்டிருக்கிறார் என்று. தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்களின் காதில் அது விழுந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைக்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. அந்த மகனை நான் கண்டிருக்கிறேன். கூச்சக்காரன், என்னைக் கண்டதும் வலையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவான்.

சீனியரிடம் தாளைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு அடிக்குறிப்பையும் வாசித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஆருக்கெல்லாம் போயிருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

தெரியாது என்றேன். அவர் எழுந்து போய், எந்தக் காரணமும் இல்லாமல், அறைக் கதவைச் சாத்தினார். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கும் மனிதர் கதவைச் சாத்தியதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயத்தின் பாரம் விளங்கியது.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். தொகுப்பாசிரியர் முதலில் நான் சொன்னது புரியாதவர் போல இருந்தார். பக்கத்தைச் சொன்னேன். தாள் புரளும் சத்தம் கேட்டது.

“கடவுளே” என்றார். “நான்தான் நகர்த்தினது. நீங்கள் போட்ட இபிட்டை நான் பார்க்கேல்லை.”

“கடைசி வரைக்கும் இபிட் போடக் கூடாது எண்டு உங்கட கையேட்டிலயே இருக்கு மெடம். வசனங்கள் எல்லாம் இடத்தில இருந்த பிறகுதான் போட வேணும் எண்டு. நான் வாசிச்சனான். வாசிச்சும் போட்டனான்.”

“அதை விடுங்கோ. நான் இப்பவே எல்லாருக்கும் திருத்தம் அனுப்பிறன். இன்ன அடிக்குறிப்பு பிழை, பழைய பிரதியை அழிச்சுவிடுங்கோ எண்டு.”

“வேண்டாம்!” கத்திவிட்டேன். சீனியர் நிமிர்ந்து பார்த்தார். “மெடம், அப்பிடிச் சொன்னால் முதல் அந்த அடிக்குறிப்பைத்தான் எடுத்துப் பார்ப்பினம். இதுவரைக்கும் பார்க்காதவையும் பார்ப்பினம்.”

அவர் யோசித்தார். உண்மை அவருக்கும் விளங்கியது. சட்டக் கட்டுரையில் அடிக்குறிப்புகளை யாரும் வாசிப்பதில்லை. இவ்வளவு பாடுபட்டு அதை எழுதுகிற எங்களுக்கு அது ஆயுள் முழுக்க ஒரு குறை. அன்றைக்கு நான் அந்த வாசிக்காதவர்களை நம்பித்தான் மூச்சு விட்டேன்.

ஆகவே திருத்தத்தை மறைப்பதற்காகக் கட்டுரை முழுவதையும் குழப்பினோம். மிரட்டல் வார்த்தைகளைப் பழையபடி இரண்டாம் பகுதிக்கே கொண்டுபோனோம். மேற்படிகள் அத்தனையையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு குறிப்பையும் பெயரோடு திரும்ப எழுதினேன். அவருடைய வழக்கை எடுத்துவிட்டேன். என் வாதத்துக்கு அதுதான் மிகப் புதிய கட்டளை, அதற்குப் பதிலாகப் பழைய அறிக்கைத் தொகுதியிலிருந்து ஒரு தீர்ப்பைத் தேடிப் போட்டேன். பொருத்தம் குறைவு, பரவாயில்லை. வழக்கு அட்டவணையிலும் அவருடைய பெயர் இருந்தது, அதையும் நீக்கினேன். ஒரு பெயரை முழுவதும் எடுப்பதற்கு எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. தலைப்பைக்கூடக் கொஞ்சம் மாற்றினோம். “பக்க அமைப்பு மாறியுள்ளது, கலந்துரையாடலுக்கு இந்தப் பிரதியைப் பயன்படுத்தவும்” என்று மட்டும் எழுதி அவர் புதுப் பிரதியை அனுப்பினார்.

அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையடியில் தெரியாதவர் யாராவது நின்றால் ஏன் நிற்கிறார் என்று யோசித்தேன். அக்காவுக்குத் தொலைபேசி எடுக்கவும் பயம். தொலைபேசியில் சொல்கிற கதையா இது? நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று சீனியர் சொன்னார். முதலில் கருத்தரங்கில் யார் கையில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போகிறேன் என்றேன். அதுவும் பயத்தில் சொன்ன சாட்டுத்தான்.

வவுனியா மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். பழைய பிரதியா புதுப் பிரதியா என்று தலைப்பிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலோர் கையில் ஒன்றுமே இல்லை. வாசிக்காமல் வந்திருந்தார்கள். அவர்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. சிலரிடம் புதுப் பிரதி. யன்னலோரத்தில் இருந்த ஒருவரிடம் மட்டும் பழையது. ஏதோ ஒரு அரச அலுவலகத்திலிருந்து வந்தவர், நடுத்தர வயது, நல்ல தமிழ். தாள்களின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். எந்தப் பக்கத்தில் என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

அவர் கேள்வியும் கேட்டார். சுவீகரிப்புச் சட்டத்தில் ஆட்சேபம் தெரிவிக்கும் காலத்தைப் பற்றி ஒரு சாதாரணக் கேள்வி. பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தேநீர் இடைவேளையில் புதுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“ஐயா, உங்களிட்ட இருக்கிறது பழசு. இதை வைச்சுக்கொள்ளுங்கோ. அதை நான் எடுக்கிறன்.”

“பரவாயில்லைத் தம்பி” என்றார். “நான் இதிலதான் குறிப்பு எடுத்தனான். இது காணும்.”

“இல்லை ஐயா, இதில சில பிழையள் கிடக்கு.”

“அப்பிடியோ? எங்க?”

பக்க எண்கள் என்றேன். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பா வேறு சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாள்களை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, பையின் வாரை இழுத்துப் பூட்டினார். அவர் ஒன்றும் அறியாத, தன் குறிப்புகளை இழக்க விரும்பாத மனிதராக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே பல தரம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்குத் திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்து மோட்டார் சைக்கிளில் கரைக்குப் போனேன். கருவாட்டுப் பந்தலில் மீன் பரப்பிக் கிடந்தது, காகம் விரட்ட ஒருவரும் இல்லை. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றேன். உள்ளே ஆள் இருக்கிற மாதிரித்தான் இருந்தது. அடுப்பில் ஏதோ கொதிக்கும் மணம். ஆனால் ஒரு அசுமாத்தமும் இல்லை.

பயந்துபோனேன். ஏற்கெனவே ஏதோ நடந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“அக்கா! நான்தான் அக்கா, சீனியரின்ர கந்தோரில இருந்து!”

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. முந்தானையால் கையைத் துடைத்தபடி வந்தார். வழக்கமான முகம்தான். வாங்கோ தம்பி என்றார். கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். மகன் படகோடு போயிருக்கிறான் என்றும் மத்தியானம் வந்துவிடுவான் என்றும் சொன்னார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். யன்னலோரத்து மனிதரையும் விடவில்லை. மறைத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியதுதான், ஆனால் இனி எதைச் சொல்வது எதை விடுவது என்று முடிவெடுக்கும் உரிமை எனக்கு இல்லை.

“எங்க கிடக்கு?” என்று கேட்டார்.

பழைய பிரதியைக் கொண்டுபோயிருந்தேன். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. விரலை வைத்துக் காட்டினேன். இது உங்கட பேர். அதுக்குக் கீழ இந்தச் சொல். இந்தச் சொல்லாலதான்.

குனிந்து பார்த்தார். “இந்தச் சின்ன எழுத்தோ? இதை ஆர் தம்பி பார்க்கப் போகினம்?” என்றார். என்னைத் தேற்றுகிறார் என்று விளங்கியது. பிறகு தாளை என்னிடம் தராமல் குசினி அடுப்படிக்குக் கொண்டுபோனார். அது எரியும் மட்டும் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

“வழக்கை விட வேணுமோ அக்கா?” என்று கேட்டேன். “நீங்கள் சொன்னால் நாளைக்கே சீனியர் கொழும்போட கதைப்பார்.”

“எதுக்கு? காணி என்ரதானே.”

காகங்கள் இறங்கியிருந்தன. போய்ச் சூ என்று விரட்டிவிட்டு வந்து, பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக் கூடாது.”

“சொல்லுங்கோ அக்கா.”

“இனி வரேக்க உந்த மோட்டச்சைக்கிளில வராதேங்கோ. பஸ்ஸில வாங்கோ. சத்தம் கேட்டால் நான் குசினிக்குள்ள போய் நிக்கிறனான். இண்டைக்கும் நிண்டனான்.”

“அந்த ரெண்டு பேரும் வந்த பிறகோ?”

“ஓம், அதுக்குப் பிறகு எப்பவும்தான். நீங்கள் முதல் முதல் கதை கேக்க வந்த அண்டைக்கும் நிண்டனான். பிறகு வந்த நாளும் நிண்டனான். படிச்ச பிள்ளை, எங்களுக்காக வாற பிள்ளை, எப்பிடிச் சொல்லிறது எண்டு வெக்கமாக் கிடந்தது.”

என் கட்டுரைக்கு நேர்காணல் எடுக்கப் போன நாட்கள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவில் இருக்கின்றன. ஒவ்வொரு தரமும் அவர் கதவைத் திறக்கத் தாமதமானதும் நினைவில் இருக்கிறது. வேலையாக இருந்திருப்பார் என்று நினைத்தேன். அந்த மிரட்டலைப் பற்றி அவர் வாயால் கேட்டு, எழுதி, அதற்கு மூலம் காட்டி, எண் போட்டேன். ஒவ்வொரு தரமும் அதே சத்தத்தோடுதான் அவருடைய படலையில் போய் நின்றேன்.

அன்று மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முனை மட்டும் உருட்டிக்கொண்டு போய், அங்கேதான் எஞ்சினை எழுப்பினேன்.

கட்டுரை வெளிவந்துவிட்டது. அதில் அவருடைய பெயர் எங்கும் இல்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. இதுவரை அவர் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. இதுவரை என்று எழுதும்போதே கை தயங்குகிறது. காற்றுக் கிளம்பும் நாட்களில் படகுகள் கரை திரும்பினவா என்று அலுவலகத்திலிருந்து அவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கிறேன். என்ன காரணமென்று அவர் கேட்பதில்லை.

இப்போது பஸ்ஸில்தான் போகிறேன். சந்தியில் இறங்கி மணலில் நடக்கிறேன். படலைக்கு வெகு தூரத்திலேயே நின்று, அவர் குசினிக்குள் போகத் தேவையில்லாதபடி, என் பெயரை உரத்துச் சொல்கிறேன்.